ரோல்பேக் பகுதியில் நேரத்தை எழுதுங்கள்

"போஸ்ட்கிரெஸில் ஆர்டர் டேபிளின் id-ஐ integer-இலிருந்து bigint-ஆக மாற்ற சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டேன். ரோல்பேக்: பேக்கப்பிலிருந்து மீட்கலாம். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன குறை?"

குறை அந்த ரோல்பேக் வரியில்தான் இருக்கிறது. பேக்கப்பை மீட்க எவ்வளவு நேரமாகும், பேக்கப் எடுத்தபின் வந்த ஆர்டர்கள் என்னாகும் என்று அதில் இல்லை. நான் ஒப்புதல் தரும் இடத்தில் இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.

காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: integer-இன் உச்சம் 2147483647, அதைத் தொட்டால் புது ஆர்டர் பதிவாகாது. இப்போதைய id-யையும், மாதம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் பக்கத்தில் போட்டால் அவசரம் தானே புரியும்.

பாதிப்பு: ALTER TABLE டேபிள் முழுவதையும் திருப்பி எழுதும். அதுவரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாது. டிஸ்கில் இன்னொரு பிரதிக்கும் இடம் வேண்டும்.

அப்புறம் நேரம். உற்பத்திச் சூழலின் அளவுள்ள நகலில் ஓட்டிப் பாருங்கள். 50 நிமிடம் ஆனது என்று வைப்போம். அப்போது இப்படி எழுதலாம்:

"1:00-க்குத் தொடக்கம். 2:15-க்குள் முடியாவிட்டால் பொறுப்பாளர் கட்டளையை ரத்து செய்வார். பழைய டேபிள் அப்படியே இருக்கும், ஆர்டர் இழப்பு இல்லை. முடிந்தபின் திரும்ப வேண்டுமானால் மறுபடி சுமார் 50 நிமிட நிறுத்தம். id உச்சத்தைத் தாண்டியபின் integer-க்குத் திரும்ப முடியாது."

கடைசி வாக்கியத்தை மறைக்காதீர்கள். திரும்ப முடியாத புள்ளி எது என்றுதான் அவர்கள் தேடுகிறார்கள்.