சுருக்க விகிதமும் திரும்பி வரும் சொற்றொடர்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சுருக்க விகிதம் 2.4ஐத் தாண்டினால் அது இயந்திரம் எழுதியது என்று படித்தேன். என் தமிழ்க் கட்டுரைகள் எல்லாமே தாண்டுகின்றனவே?

பதில்: உரையின் பைட் அளவைச் சுருக்கிய பின் உள்ள அளவால் வகுத்தால் வருவது சுருக்க விகிதம். அந்த 2.4 விஸ்பர் என்னும் பேச்சறி மென்பொருளின் இயல்பு அளவு. ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கக்கும் கோளாறைப் பிடிக்க வைத்தது. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அன்று. தமிழுக்கு அது அறவே பொருந்தாது. UTF-8இல் ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட். த, ம, ி, ழ, ் என்ற ஐந்து குறிகளுக்கும் முதல் பைட் E0, இரண்டாவது AE அல்லது AF. இந்த வெற்றுத் திரும்பலை zlib என்னும் சுருக்கும் கருவி விழுங்கிவிடுவதால், நல்ல உரைநடையின் விகிதமும் உயர்ந்து நிற்கும். உங்கள் உரையை s என்று வைத்துக்கொண்டு, முதலில் குறிக்கு ஒரு பைட்டாக மாற்றுங்கள்:

```python
import zlib
b = bytes(ord(c) - 0xB00 if 0xB80 <= ord(c) <= 0xBFF
          else min(ord(c), 127) for c in s)
print(len(b) / len(zlib.compress(b, 9)))
```

பிறகும் ஒரே நீளமுள்ள துண்டுகளை மட்டுமே ஒப்பிடுங்கள். நீளம் கூடக் கூட விகிதம் தானாகவே ஏறும்; இரண்டு வரிக் குறிப்பில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

கேள்வி: நீளம் கூடினால் நல்லதுதானே? முழு நூலையும் கொடுத்துவிடலாமே!

பதில்: பாதி சரி. zlib பின்னோக்கிப் பார்ப்பது 32,768 பைட் மட்டுமே. UTF-8 தமிழில் அது ஏறத்தாழ 10,900 குறிகள். முதல் இயலின் பத்தி ஐந்தாம் இயலில் அப்படியே வந்தாலும் அதற்குத் தெரியாது. அதற்கு xz போன்ற பெரிய அகராதி உள்ள கருவி வேண்டும்.

கேள்வி: நான் ஆசிரியை. ஒரு மாணவியின் கட்டுரை மற்றவற்றைவிட அதிகம் சுருங்கியது. கண்டிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒப்பந்தம், செய்முறைக் குறிப்பு, பல்லவி திரும்பும் பாட்டு எல்லாம் மனிதர் எழுதியவை, நன்றாகச் சுருங்குபவை. சிறிய சொல்வளத்தோடு எழுதப் பழகும் பிள்ளையின் கட்டுரையும் அப்படித்தான். இந்த எண்ணை வைத்து ஒரு குழந்தையைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். இன்னொன்று: இன்றைய மொழி மாதிரிகள் ஒரு கட்டுரைக்குள் அதிகம் திரும்பச் சொல்வதில்லை. திரும்பல் தெரிவது நூறு கட்டுரைகளைச் சேர்த்து எண்ணும்போதுதான்.

கேள்வி: அப்படிச் சேர்த்து மூன்று சொல் தொடர்களை எண்ணினேன். ஒன்றும் மாட்டவில்லை.

பதில்: விகுதிதான் ஒளிக்கிறது. ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘முக்கியப் பங்கு வகித்தது’, ‘முக்கியப் பங்கை வகிக்கும்’ மூன்றும் உங்கள் பட்டியலில் வெவ்வேறு தொடர்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் மூன்று குறிகளை மட்டும் வைத்து எண்ணிப் பாருங்கள், மூன்றும் ஒன்றாகிவிடும். தொடர்பில்லாத சில சொற்களும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே மேலே வரும் தொடர்களைக் கண்ணால் படியுங்கள். பத்திரிகை நடையும் இதே தொடரை ஆண்டாண்டாகப் புழங்குவதால், அதே துறையில் மனிதர் எழுதிய பழைய கட்டுரைகளை அருகில் வைத்தே எண்ண வேண்டும்.

கேள்வி: அதே கருத்தை வேறு சொற்களால் மாற்றி எழுதிவிட்டால்?

பதில்: இரண்டு அளவுகளும் ஏமாறும். வேண்டுமென்றே திருத்திய உரைக்கு இவற்றில் விடை இல்லை.