வேலை கிடைத்த பிறகு ஏன் பணம் கேட்கிறார்கள்?

கேள்வி: என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிறான். சென்னை விமான நிலையத்தில் வேலை என்று போன் வந்தது. பத்து நிமிடம் போனிலேயே பேசித் தேர்வு செய்துவிட்டார்கள். மாதம் 28,000 ரூபாய் சம்பளம் என்று வாட்ஸ்அப்பில் கடிதமும் வந்தது. பதிவுக் கட்டணம் 1,950 ரூபாய் கட்டிவிட்டோம். இப்போது சீருடை, பயிற்சி, மருத்துவப் பரிசோதனைக்கு 14,500 ரூபாய் கேட்கிறார்கள். முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். சம்பளக் கணக்குக்காகப் புதிய சிம் கார்டு வாங்கி, அதை வங்கிக் கணக்கில் இணைத்து, ஏ.டி.எம். கார்டோடு கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். மகனுக்குக் கணக்கு இல்லை. வீட்டில் யார் கணக்கானாலும் போதும் என்கிறார்கள். என் கணக்கைக் கொடுக்கலாமா? 14,500 ரூபாய்க்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கலாம் என்று இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே

பதில்: அம்மா, நகையை வைக்காதீர்கள். கார்டையும் சிம்மையும் எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். இது மோசடிதான். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதியை இரண்டு முறை படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடிதத்தில் முத்திரை, கையெழுத்து, விமானப் படம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை யாரும் தயாரிக்கலாம். நான் பார்த்தது சம்பள விவரக் கட்டத்தை. மொத்தச் சம்பளம் 28,000 ரூபாய், அதில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் 210 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம் என்பதால் கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் பெறுகிற புதிய ஊழியரை இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கவே முடியாது. சம்பளப் பட்டியல் போடும் எந்த எழுத்தருக்கும் தெரிந்த வரம்பு இது. வேறு எதற்கோ தயாரித்த படிவத்தில், ஆசை காட்டுவதற்காகச் சம்பளத்தை மட்டும் ஏற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சேரும் நாள். கடிதம் வந்து ஆறாவது நாள் வேலையில் சேர வேண்டும் என்கிறார்கள். விமான நிலையத்துக்குள் வேலை செய்ய நுழைவு அனுமதி அட்டை வேண்டும். அந்த அட்டைக்கு முன்னால் ஆளைப் பற்றிக் காவல்துறை சரிபார்ப்பு நடக்கும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து யாரும் உங்கள் மகனைப் பற்றி விசாரிக்கவில்லை. அவன் முகத்தைக்கூட நேரில் பார்க்காத ஒருவர் அவனை ஓடுபாதைப் பக்கம் வேலைக்கு அனுப்புகிறார் என்பதை நம்ப முடியுமா?

பணம் போன இடத்தையும் பாருங்கள். 1,950 ரூபாய் அனுப்பியபோது திரையில் வந்த பெயர் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஒரு தனிமனிதரின் பெயர். "அவர் எங்கள் கணக்காளர்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நூறு பேரை வேலைக்கு எடுக்கிற நிறுவனம் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லாமல், கணக்காளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. அந்தப் பெயருக்கு உரியவரும்கூட, உங்களிடம் இப்போது கேட்பதைப் போலத் தன் கணக்கை யாரிடமோ கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: அரசுத் தேர்வுக்கும்தானே பணம் கட்டுகிறோம்? கட்டுகிறோம். டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய் என்று வாங்குகிறார்கள். அது தேர்வு எழுதுவதற்கான கட்டணம். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே, தேர்வுக்கு முன்பே கட்டுகிறோம். கட்டியதற்கு நுழைவுச் சீட்டு கிடைக்கிறது, வேலை கிடைக்காது. உங்களிடம் கேட்பது தேர்வான பிறகு. ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்ட முதலாளிக்கு அவருடைய உழைப்பு வேண்டும். அதற்கு அவர்தான் பணம் தர வேண்டும். தேர்வான பிறகு பணம் உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் அங்கே வேலை இல்லை.

முதலில் 1,950 ரூபாய் மட்டும் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்தத் தொகைக்கு யாரும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை; வீட்டில் பெரிதாக யோசிக்கவும் மாட்டார்கள். கட்டியதும் இரண்டு விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்: இந்த வீட்டில் நம்புகிறார்கள், இந்த வீட்டில் பணம் புரட்ட முடியும். அடுத்த தொகை வரும்போது "இதைக் கட்டாவிட்டால் முன்பு கட்டியதும் போய்விடும்" என்று உங்கள் மனமே உங்களிடம் வாதாடத் தொடங்கும். 14,500 கட்டினால் அதோடு நிற்காது. ஒப்பந்தப் பத்திரம், தங்குமிட முன்பணம், ஏதோ ஒரு வரி என்று இன்னொன்று வரும். "திருப்பித் தருவோம்" என்ற சொல் ஒவ்வொரு படியிலும் இருக்கும். எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து என்பது மட்டும் எங்கும் இருக்காது.

உங்கள் மகனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்த பையனுக்கு அந்தக் கடிதத்தை விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. அவனையே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: "ஐயா, எங்களிடம் இப்போது பணம் இல்லை. 14,500 ரூபாயை முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." உண்மையான நிறுவனத்துக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை, ஊழியரின் சம்பளமே அவர்கள் கையில்தான் இருக்கிறது. இவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்: "கம்ப்யூட்டர் ஏற்காது", "இன்னொரு பையன் காத்திருக்கிறான்", "பாதியாவது இன்றே அனுப்புங்கள்". அந்தப் பதிலை அவனே படித்தால் நான் எழுதுவதைவிட அது அவனுக்குத் தெளிவாகச் சொல்லும்.

இனி வங்கிக் கணக்கு. 14,500 ரூபாயைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். கார்டையும் சிம்மையும் அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கார்டும், வங்கியிலிருந்து ஓ.டி.பி. வரும் எண்ணும் அவர்களிடம் போய்விட்டால் அந்தக் கணக்கு பெயருக்குத்தான் உங்களுடையது. வேறு மாநிலத்தில் வேறு யாரையோ ஏமாற்றி வாங்கிய இரண்டு லட்சம் ரூபாய் உங்கள் கணக்கில் வந்து விழும். சில நிமிடங்களில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள், அல்லது இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். உங்களுக்குக் குறுஞ்செய்திகூட வராது. சிம் அங்கே இருக்கிறதே. பணத்தை இழந்தவர் புகார் செய்ததும் காவல்துறை பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வரும். அது முதலில் வந்து நிற்பது உங்கள் பெயரில்தான். வங்கி கணக்கை முடக்கும். பார்த்தே இராத ஊரிலிருந்து நோட்டீஸ் வரும். எனக்குத் தெரியாது, வேலைக்காகக் கொடுத்தேன் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு விவசாயி தன் மகனின் வேலைக்காகத் தன் கணக்கையே இப்படிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லின் பணம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் வந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரிகிற பணத்தை எடுக்க முடியவில்லை. அறுவடை இயந்திர வாடகைக்கும் உரக்கடைப் பாக்கிக்கும் வெளியே வட்டிக்கு வாங்கினார். கொள்முதல் ரசீதுகளையும், மகனுக்கு வந்த வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் பல மாதங்கள் நடந்த பிறகே கணக்கு திறந்தது. உங்கள் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் நூறு நாள் வேலைக் கூலியும் வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

உண்மையான நிறுவனம் என்ன கேட்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளை நல்ல வேலை வரும்போதும் பயந்துவிடுவீர்கள். பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, பாஸ்புக்கின் முதல் பக்கப் பிரதி அல்லது ரத்து செய்த காசோலை – இவ்வளவுதான். பணத்தை உள்ளே போடுவதற்கு இவை போதும். இவற்றை மட்டும் வைத்துப் பணத்தை வெளியே எடுக்க முடியாது. ஆகவே பாஸ்புக் படத்தை அனுப்பிவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கார்டு, பின் எண், ஓ.டி.பி., சிம் ஆகியவை பணத்தை வெளியே எடுக்கிற சாவிகள். சம்பளம் போடுகிறவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. யு.பி.ஐ.யிலும் அப்படித்தான்: பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

மகனின் ஆதாரும் பான் கார்டும் அனுப்பியது சற்றுக் கவனிக்க வேண்டியது. அவன் பெயரில் வேறு சிம் கார்டு வாங்கியிருக்கிறார்களா என்பதை sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். அவனுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். அவன் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்களா என்பது கடன் தகவல் அறிக்கையில் தெரியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும். இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திடம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

இன்றே சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பிய தேதி, நேரம், அவர்களின் போன் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிந்து, கடிதத்தையும் உரையாடலையும் சேருங்கள். உரையாடலை அழித்துவிட வேண்டாம். கட்டி ஒன்பது நாள் ஆகிவிட்டதால் அந்த 1,950 ரூபாய் திரும்புவது கடினம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பணம் அந்தக் கணக்கிலேயே நின்றால்தான் நிறுத்த முடியும். அதற்கு முதல் சில மணி நேரங்கள் முக்கியம். ஆனாலும் புகார் எண் உங்களுக்கு வேண்டும். மகனின் ஆதாரை வைத்து நாளை ஏதாவது நடந்தால், நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. "பணத்தை மீட்டுத் தருகிறோம், செலவுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் அதுவும் அதே கும்பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கூரியர் அலுவலகத்துக்குப் போவதற்குப் பதிலாக, மகனைத் திருவாரூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தனியார் நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கும் முகாம்களின் தேதி அங்கே தெரியும். அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்திலும் அவன் பெயரைப் பதியலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. டிப்ளமோ மதிப்பெண் பட்டியலின் நகல்களும் இரண்டு புகைப்படங்களும் கொண்டு போகட்டும்.