d5 தோற்கும், d6 ஜெயிக்கும்

வணக்கம் சார்,

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். போன ஞாயிறு வேளச்சேரியில் ஒரு ரேபிட் போட்டி. கடைசி சுற்றில் இவனுக்கு வெள்ளை. வெள்ளை ராஜா c6, சிப்பாய் e4. கறுப்பு ராஜா g4, சிப்பாய் e5. பலகையில் வேறு காய் இல்லை, நகர்த்த வேண்டியது இவன். ராஜாவை d5-க்குக் கொண்டுபோனான். எதிராளி f4-க்கு வந்தான். அதற்குமேல் எங்கே நகர்த்தினாலும் நஷ்டம், தோற்றுவிட்டான். சுக்ஸ்வாங் என்று கோச் சொன்னார். அதில் மாட்டிக்கொண்ட பிறகு எனக்கே தெரிகிறது. மாட்டுவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலையை ஒரு காய் விடாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. இந்த ஒரு நிலையை வைத்தே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெள்ளை ராஜா d5-லும் கறுப்பு ராஜா f4-லும் நிற்கும் அந்தக் கடைசி நிலையைப் பாருங்கள். இரண்டு ராஜாக்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: தன் சிப்பாயைக் காக்கிறார்கள், எதிரிச் சிப்பாயைத் தாக்குகிறார்கள். அப்படியே நின்றால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் செஸ்ஸில் 'பாஸ்' சொல்ல முடியாது. நகர்த்தவேண்டிய ராஜா காவலை விட்டு விலகியே ஆகவேண்டும், உடனே அவன் சிப்பாய் போய்விடும். வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் வெள்ளை தோற்கும், கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் கறுப்பு தோற்கும். இந்த இருபக்க சுக்ஸ்வாங்குக்குப் புத்தகங்களில் ட்ரெபுஷே என்று பெயர்.

சுக்ஸ்வாங்கைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்: 'இப்போது என் முறையை விட்டுக்கொடுக்க அனுமதி கிடைத்தால் எனக்குச் சந்தோஷமா?' என்று கேட்டுக்கொள்வது. நடு ஆட்டத்தில் இதற்கு 'ஆமாம்' என்ற பதில் ரொம்ப அபூர்வம். அங்கே காய்கள் நிறைய, கெடுதல் செய்யாத நகர்வு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். 1923-ல் கோபன்ஹேகனில் சேமிஷுக்கு எதிராக நிம்சோவிச் ஆடிய ஆட்டத்தை இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அது அவ்வளவு அரிது என்பதால்தான். ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் அப்படி இல்லை, இந்தக் கேள்வி ஒவ்வொரு நகர்விலும் வரும்.

சரி, முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது? சிப்பாய்கள் e4, e5 என்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததுமே d5, f4 இரண்டையும் ஒரு ஜோடியாக மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஜோடியில் முதலில் காலை வைப்பவன் தோற்பான், ஏனென்றால் மற்றவன் அடுத்த கட்டத்தில் வந்து நின்றதும் முறை இவனுக்குத் திரும்பிவிடும். அதனால் d5-க்குப் போகும் முன் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: எதிராளியால் அடுத்த நகர்விலேயே f4-க்கு வரமுடியுமா? g4-லிருந்து வரமுடியும். அப்படியானால் d5 கூடாது.

அதற்குப் பதில் d6. அங்கிருந்தும் ராஜா e5-ஐத் தாக்குகிறான், ஆனால் ஜோடிக் கட்டத்தில் இன்னும் கால் வைக்கவில்லை. g4-ல் இருக்கும் கறுப்பு ராஜாவால் e5-ஐக் காக்க ஒரே கட்டம் f4. அவன் அங்கே வந்ததும் நீங்கள் d5. உங்கள் பையன் தோற்ற அதே நிலைதான், ஆனால் இப்போது முறை கறுப்புக்கு. அவன் எங்கே போனாலும் e5-ஐ வெட்டிவிடலாம். கறுப்பு ராஜா கீழே, உங்கள் சிப்பாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் மேலே ஏறிவந்து தடுக்க அவனுக்கு நேரமில்லை. சிப்பாய் ராணியாகிவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுக்ஸ்வாங் உங்களுக்கு ஒரு சிப்பாயை வாங்கித் தரும், ஆட்டத்தையே வாங்கித் தரும் என்று நிச்சயமில்லை. அதே நிலையில் கறுப்பு ராஜாவை மட்டும் g4-லிருந்து g5-க்கு மாற்றி வையுங்கள். இப்போதும் d5 தோல்விதான், அவன் f4-க்கு வந்துவிடுவான். ஆனால் நீங்கள் d6 வைத்தால் அவனுக்கு f6 என்ற இன்னொரு காவல் கட்டம் இருக்கிறது. நீங்கள் d5 வைக்கிறீர்கள். மறுபடி சுக்ஸ்வாங், e5-ஐ விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அவன் f7-க்குப் பின்வாங்குவான். நீங்கள் e5-ஐ வெட்டியதும் e7-க்கு வந்து உங்கள் ராஜாவுக்கு நேர் எதிரே, ஒரு கட்டம் விட்டு நிற்பான். முறை உங்களுக்கு. இப்போது அவனை விலக்க முடியாது, ஆட்டம் டிரா. அவசரப்பட்டு f7-க்குப் பதில் e7-க்குப் போனால் தோற்பான், ஏனென்றால் நீங்கள் வெட்டியதும் இரண்டு ராஜாக்களும் அதே போல எதிரெதிரே நிற்பார்கள், ஆனால் நகர்த்த வேண்டியது அவன். அதனால் சிப்பாயை ஜெயித்த பிறகு யார் முறை என்பதையும் முதலிலேயே எண்ணிவிட வேண்டும்.

இன்னொன்று. நிஜ ஆட்டங்களில் பலகையின் மறுபக்கத்தில் பெரும்பாலும் இன்னும் ஓரிரு சிப்பாய்கள் இருக்கும். அவைதான் உபரி நகர்வு தருபவை. ட்ரெபுஷே நிலையையே வையுங்கள்: ராஜாக்கள் d5, f4, சிப்பாய்கள் e4, e5. கூடவே வெள்ளைக்கு a2-ல் ஒரு சிப்பாய், கறுப்புக்கு a6-ல் ஒன்று. வெள்ளையின் முறை. கை தானாக a4-க்குப் போகும், இரண்டு கட்டம் தாண்டினால் நல்லதுதானே என்று தோன்றும். a4 வைத்தால் அவன் a5, வழி அடைபட்டது, முறை உங்களுக்கு, தோல்வி. a3 வையுங்கள். அவனுக்கு இருப்பது a5 ஒன்றுதான். பிறகு நீங்கள் a4. இப்போது வழி அடைபட்டு முறை அவனுக்கு, ராஜாவை நகர்த்தியே ஆகவேண்டும்.

a2-ல் நிற்கும் சிப்பாய்க்கு ஒரு கட்டமா இரண்டு கட்டமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. a6-ல் நிற்பதற்கு அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மாதிரி முடிவாட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால், ஓரத்துச் சிப்பாயைக் காரணமில்லாமல் நகர்த்தாமல் அதன் இடத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கறுப்புச் சிப்பாயை a6-க்குப் பதில் a7-ல் வைத்து, வெள்ளையின் முறை என்று சொல்லிப் பையனிடம் கொடுங்கள். இப்போது a3, a4 இரண்டுமே தோற்கும். a3-க்கு அவன் a6 என்பான், a4-க்கு a5 என்பான். இரண்டு பக்கமும் தேர்வு இருக்கும்போது இரண்டாவதாக நகர்த்துபவனுக்குத்தான் கடைசி வார்த்தை. இதைப் பையனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் கறுப்பை ஆடுங்கள்.