மகனுக்கு 18 ஆகிவிட்டது, பாலிசியை எப்படி மாற்றுவது?

"மகன் பெயரில் எல்.ஐ.சி.யின் ஜீவன் தருண் பாலிசி எடுத்திருக்கிறேன். தொடங்கிய நாள் 28.3.2015. அவன் பிறந்தது 12.8.2007. இப்போது 18 முடிந்துவிட்டதால், கார்டியனான நான் பாலிசியை அவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா? என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?"
– ஒரு வாசகி, கும்பகோணம்

எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. பாலிசி தானாகவே மகனுக்குப் போய்விடும். இதை 'வெஸ்டிங்' என்பார்கள். ஆனால் அது பிறந்த நாளன்று நடப்பதில்லை. 18 முடிந்த பிறகு வரும் முதல் பாலிசி ஆண்டு நாளில்தான் நடக்கும். உங்கள் மகனுக்கு அந்த நாள் 28.3.2026. அதன்பின் கடன் வாங்கவோ சரண்டர் செய்யவோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதனால், உரிமையை மாற்றிக் கொடுக்கும் 'அசைன்மென்ட்' படிவத்தை யாராவது நீட்டினால் நிரப்பாதீர்கள்.

நீங்கள் எல்.ஐ.சி.க்குக் கொடுக்க வேண்டிய கடிதம், அவர்கள் பதிவேட்டைத் திருத்தச் சொல்வதற்குத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு, பாலிசி இருக்கும் கிளையின் மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்:

"மேற்படி பாலிசியின் முன்மொழிபவர் நான். காப்பீடு செய்யப்பட்ட என் மகனுக்கு 12.8.2025 அன்று 18 வயது நிறைவடைந்தது. 28.3.2026 முதல் பாலிசி அவருக்கு உரியதானதைப் பதிவு செய்து, இனிக் கடிதங்களையும் தொகைகளையும் அவருக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய மாதிரிக் கையெழுத்து கீழே உள்ளது."

மேலே பாலிசி எண், கீழே உங்கள் கையெழுத்து, அதன் கீழே மகனின் கையெழுத்து. கூடவே அசல் பாலிசிப் பத்திரம், மகனின் ஆதார், பான் நகல்கள், புகைப்படம், அவர் பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்க நகல், அந்தக் கணக்குக்கான நெஃப்ட் படிவம். நகல்களில் மகனே கையெழுத்திடட்டும். வயதுச் சான்று ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மறுபடி தேவைப்படாது.

பலர் சிக்கிக்கொள்வது பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும்தான். மைனராக இருந்தபோது வாங்கிய பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது. முதலில் அதைப் புதுப்பியுங்கள். மைனர் கணக்கையும் வங்கியில் மேஜராக மாற்றுங்கள். அப்புறம் இனிஷியல். பாலிசியில் 'கே', ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால், இப்போதே சரிசெய்துவிடுங்கள். ஆண்டுதோறும் பணம் வரும் வகையை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால், முதல் தொகை 28.3.2028 அன்று வர வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அது கணக்கில் ஏறாமல் நிற்கும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: நியமனதாரர். மைனர் யாரையும் நியமிக்க முடியாது என்பதால், இந்தப் பாலிசியில் இதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். காலியாகவே விட்டால், மகனுக்கு ஏதாவது நேர்ந்தபின் குடும்பம் வாரிசுச் சான்றோடு அலைய வேண்டிவரும். கடிதம் கொடுக்கும் அதே நாளில் நியமனப் படிவத்தையும் மகன் கையெழுத்தோடு கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.