எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம்?

வணக்கம் சார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, நானும் வருகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் என்றும் சொல்லியிருந்தேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுருக்கமாக எழுதியிருக்க வேண்டுமோ? எதை விடுவது, எதை வைப்பது?
– க.

அன்புள்ள க.,

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒரு குழுவில் இரண்டு வருடம் இந்த மாதிரிக் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது, அதனால் சொல்கிறேன். 'எந்த வேலையும் செய்வேன்' என்று வந்தால் அவருக்கு என்ன தருவது என்று நான்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், எனவே அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பேன், அந்த அப்புறம் வரவே வராது.

நான் முதலில் தேடுவது நேரத்தைத்தான். ஒருவர் வாரம் பத்து மணி நேரம் என்று எழுதினார், இரண்டு வாரம் வந்தார், பிறகு காணோம். அவர் பாதி வாசித்த புத்தகத்தில் நடுவில் குரல் மாறினால் கேட்பவர்களுக்குச் சிரமம் என்று இன்னொருவர் முதல் பக்கத்திலிருந்து திரும்ப வாசித்தார். அதனால் ஆறு மணி நேரம் முடியும் என்று தோன்றினால் மூன்று என்று எழுதுங்கள், போய்வரும் நேரத்தையும் கழித்துவிட்டு. கிழமையும் எத்தனை மாதம் என்பதும் கூடவே வரட்டும்.

திறமைக்கு ஒரு வரி போதும், ஆனால் அதில் செய்த வேலை தெரிய வேண்டும். 'கணிதம் நன்றாக வரும்' என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. வேலையில் விரும்புவது ஒன்று, அது இல்லாவிட்டால் இன்னொன்று, முடியாதது ஒன்று. முடியாததை எழுதத் தயங்குவார்கள், எனக்கோ அதுதான் ரொம்ப உதவியாக இருக்கும். உங்களுடையது இப்படி இருக்கலாம்:

"வணக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கு இரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக் கணிதம் சொல்லித் தருகிறேன். சனி, ஞாயிறு காலை 10 முதல் 11.30 வரை, வாரம் 3 மணி நேரம், ஆறு மாதத்துக்கு வர முடியும். கணித வகுப்பு எடுக்க விருப்பம், இடமில்லை என்றால் விடைத்தாள் திருத்தித் தருகிறேன். நன்கொடை கேட்டுப் போவது எனக்கு வராது. அடையாளச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு எதுவானாலும் சரி. மாலை 6 மணிக்கு மேல் அழைக்கலாம்."

குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் பல இடங்களில் அந்தச் சரிபார்ப்பைக் கேட்பார்கள், முன்கூட்டியே சொன்னால் ஒரு முறை கடிதம் போய் வருவது மிச்சம். மின்னஞ்சல் தலைப்பில் 'தன்னார்வலர்' என்று மட்டும் போடாமல் 'கணித வகுப்பு, சனி ஞாயிறு காலை' என்று போடுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் புதிதாக எழுத வேண்டாம், அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே 'இந்த நேரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது' என்று ஒரு வரி அனுப்புங்கள்.