ரிசப்ஷனுக்கு எதுவரை, டாக்டருக்கு எதுவரை: டெக்னீஷியனுக்கு எழுதும் மெயில்

“பெரம்பூரில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். நான், மாலையில் வரும் குழந்தைகள் டாக்டர் ஒருவர், ரிசப்ஷனில் இரண்டு பெண்கள். ஃப்ரீலான்ஸ் டெக்னீஷியன் ஒருவர் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறார். யாருக்கு என்ன ஆக்சஸ் என்று மெயில் அனுப்பச் சொல்கிறார். ‘டாக்டருக்கு எல்லாம், ரிசப்ஷனுக்குக் கொஞ்சம்’ என்று எழுதினால் போதுமா?”

போதாது, டாக்டர். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று டெக்னீஷியன் தானாக ஊகித்துக்கொள்வார். பிறகு அதுவே உங்கள் கிளினிக்கின் விதியாகிவிடும். பார்க்கலாம், புதிதாகப் பதியலாம், திருத்தலாம், ரத்து செய்யலாம், பிரிண்ட் எடுக்கலாம் என்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். இப்படி:

“வணக்கம் தம்பி. ரிசப்ஷனில் இருப்பவர் நோயாளியின் பெயர், வயது, போன் நம்பர் பதியலாம், திருத்தலாம். டோக்கன் போடலாம். அன்றைய எடை, காய்ச்சல், பிரஷர் பதியலாம். பழைய அளவுகளைப் பார்க்கக் கூடாது. பில் போடலாம், அழிக்க முடியக் கூடாது. தவறான பில்லைக் காரணம் எழுதி ரத்து செய்யக் கேட்கலாம். நான் ஒப்புதல் தந்த பிறகே ரத்தாக வேண்டும், பில் நம்பர் அப்படியே இருக்க வேண்டும். நோய் விவரம், மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. தேடும் பெட்டியிலும், மாத ரிப்போர்ட்டிலும்கூட வரக் கூடாது.

டாக்டர் தன் நோயாளிகளின் குறிப்பைப் பார்க்கலாம், எழுதலாம். அடுத்த டாக்டரின் நோயாளியைத் திறக்க வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் காரணம் கேட்டுத் திறக்கட்டும். அது பதிவாக வேண்டும். எழுதி முடித்த குறிப்பை யாரும் அழிக்க முடியக் கூடாது, நான் உட்பட. திருத்தினால் பழையதும் இருக்க வேண்டும்; யார், எப்போது திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும். நால்வருக்கும் தனித்தனி லாகின்.”

எடை, பிரஷர் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். சின்ன கிளினிக்கில் அவற்றை எடுப்பது பெரும்பாலும் ரிசப்ஷனில் இருப்பவர்தான். அந்தப் பெட்டி அவருக்குத் திறக்காவிட்டால் இரண்டே நாளில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். அதன் பிறகு மெயிலில் எழுதிய மற்ற எதற்கும் அர்த்தமில்லை. அவர் வேலைக்குத் தேவையானதைக் குறையாமல் கொடுப்பதுதான் மற்றதைப் பூட்டிவைக்க வழி.

தனித்தனி லாகினில் பிடிவாதமாக இருங்கள். ஒரு கிளினிக்கில் பில் கணக்கு இடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ரத்தான பில்கள் பட்டியலில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர், reception. மூன்று பேர் அந்த லாகினைப் பயன்படுத்தியிருந்தார்கள். தவறு யாருடையது என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. தவறே செய்யாத இருவரும் அந்தச் சந்தேகத்தோடுதான் வேலை பார்த்தார்கள்.

வேலை முடிந்தது என்று டெக்னீஷியன் சொன்னதும் ஒரு சோதனை செய்யுங்கள். மெனுவில் பட்டனை மறைத்துவிட்டு ‘ஆக்சஸ் கட் பண்ணிட்டேன்’ என்பது சாதாரணமாக நடக்கும் தவறு. சாஃப்ட்வேர் ப்ரௌசரில் ஓடுகிறது என்றால், உங்கள் லாகினில் ஒரு நோயாளியின் குறிப்பைத் திறந்து, மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்யுங்கள். அது இப்படி ஏதோ ஒன்றாக இருக்கும்:

```
/patients/214/notes
```

ரிசப்ஷன் கம்ப்யூட்டரில், ரிசப்ஷன் லாகினில், அதே முகவரியை ஒட்டி என்டர் தட்டுங்கள். `403` என்றோ அனுமதி இல்லை என்றோ வந்தால் பூட்டு சரி. குறிப்பு திறந்துவிட்டால், மறைந்திருப்பது பட்டன் மட்டுமே; அனுமதியை சர்வரிலேயே சரிபார்க்கும்படி மாற்றச் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் தேறினால்தான் கடைசித் தவணை என்று மெயிலிலேயே எழுதிவிடலாம்.

டெக்னீஷியனின் ஆக்சஸையும் அதே மெயிலில் எழுதுங்கள். எல்லாக் கதவையும் திறக்கும் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களைப் பதிந்துகொள்ளட்டும், உண்மையான நோயாளிகள் வேண்டாம். வேலை முடிந்த அன்று அட்மின் லாகினை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும், பாஸ்வேர்டை நீங்கள் மாற்ற வேண்டும். பிறகு ரிப்பேருக்கு வந்தால் அன்றைக்கு மட்டும் திறந்துவிடுங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களுக்காக வேறொருவர் தகவலைக் கையாண்டாலும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது. மெயிலில் எந்த பாஸ்வேர்டும் எழுத வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் பிரிண்டர் எங்கே இருக்கிறது? நீங்கள் உள்ளே பட்டனைத் தட்ட, மருந்துச் சீட்டு ரிசப்ஷன் மேஜையில் வந்து விழுந்தால், திரையில் மறைத்ததை அங்கே காகிதத்தில் எல்லோரும் படிக்கலாம். டாக்டர் அறைக்கு ஒரு சின்ன பிரிண்டர் வாங்கி, மருந்துச் சீட்டு அதில் மட்டும் வரும்படி அமைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.