மருந்துக் கடை ஃப்ரிட்ஜுக்கு மின்னஞ்சல் எஸ்எம்எஸ் போதுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இன்சுலினும் தடுப்பூசிகளும் உள்ள ஃப்ரிட்ஜில் வெப்பம் ஏறினால் எஸ்எம்எஸ் வரும் என்று ஒரு கருவியைக் காட்டுகிறார்கள். கடை வைஃபை வழியே மின்னஞ்சல் அனுப்புமாம். அது எஸ்எம்எஸ்ஸாக மாறி வருமாம். சிம் தேவையில்லை, விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு வேண்டாம். கருவியின் செட்டிங்ஸைத் திறந்து, எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று காட்டும்படி அதை விற்பவரிடம் சொல்லுங்கள். எண்ணுக்குப் பின்னால் `@txt.att.net` அல்லது `@vtext.com` என்று இருந்தால் அவை அமெரிக்க நிறுவனங்களுக்கு உரியவை. நம் ஊர் எண்ணுக்குப் பயன்படாது. முதல் முகவரியின் சேவையை அந்த நிறுவனமே 2025 ஜூன் மாதம் நிறுத்திவிட்டது.

இந்தியாவில் எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனத்தின் முகவரியாக இருந்தால் வேறு சிக்கல். இங்கே நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். "ஃப்ரிட்ஜ் வெப்பம் ___ டிகிரி" என்று எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுப் பதிவு செய்திருக்க, கருவி முன்னால் தன் பெயரையும் சேர்த்து அனுப்பினால் வாசகம் பொருந்தாது. தொலைபேசி நிறுவனம் அதைத் தடுத்துவிடும். கருவியிலோ "Sent" என்றே காட்டும். முதல் மின்னஞ்சல் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்பதுதான் அதற்குப் பொருள். அதற்குப் பிறகு ஸ்பாம் என்று ஒதுக்கப்பட்டாலும், வரிசையில் மணிக்கணக்கில் கிடந்தாலும் கருவிக்குத் தெரியாது.

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது என்று வையுங்கள். ஃப்ரிட்ஜும் நிற்கிறது, வைஃபை ரூட்டரும் நிற்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து காலைக்குள் எல்லையைத் தாண்டிவிடலாம். உங்கள் கைப்பேசியோ எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் இருப்பதைப் போலவே அமைதியாக இருக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நோயாளி ஊசியில் ஏற்றிக்கொள்ளும் மருந்து அது.

சிம் போடும் கருவியாக, உள்ளே பேட்டரி உள்ளதாக, கரண்ட் போனதையே தனியாகத் தெரிவிப்பதாக, உங்களை அழைக்கக்கூடியதாக வாங்குங்கள். தூக்கத்தில் எஸ்எம்எஸ் ஒலி கேட்காமல் போகலாம். அழைப்பு விடாமல் அடிக்கும். மலிவான கருவிகள் பல 2ஜி மட்டுமே கொண்டவை; ஜியோ சிம் அவற்றில் வேலை செய்யாது. சிம் ரீசார்ஜ் முடியும் தேதியைக் கடை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அன்றைய வெப்பத்தை அனுப்பும் வசதியும் அதில் இருக்கட்டும். ஒரு நாள் அது வரவில்லை என்றால் கருவி பழுது என்று அன்றே தெரிந்துவிடும். கருவியைப் பொருத்திய அன்றே மெயின் சுவிட்சை அணைத்து, அழைப்பு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். பிறகு சென்சாரை மட்டும் வெளியே எடுத்து வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் அழைப்பு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.